ஓமத் தீநீர் வடிக்க ஒரு வாலை: ஆவிக்கு வழி விட்டுச் செய்யும் முறை

வாலை என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: சாராயம் வடிக்கும் கருவி. நான் முதன்முறை வாளியும் செப்புக் குழாயுமாகக் கொல்லையில் உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னப்பா, போலீஸ் வருமா?" என்று கேட்டார். ஓம வாசனை தெரு முனை வரை போன பிறகுதான் நம்பினார். அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. சாராயம் வடிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதோடு, சாராய ஆவி நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஆவி பற்றாது. இந்தக் கட்டுரையில் பானைக்குள் போவது தண்ணீரும் ஓமமும் மட்டுமே. மூலிகையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்தால் வாசனை கூடும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் மூலிகையை நீரோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் நீருக்குத் தீநீர் என்று பெயர். கருவிக்குப் பெயர் வாலை. ஓமத்தைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் கிடைப்பது கஷாயம். அது பழுப்பாக, கசப்பாக இருக்கும். தீநீரோ கண்ணாடி போலத் தெளிந்து அல்லது லேசாகப் பால் கலந்ததுபோல் இருக்கும். வாசனை எண்ணெய் மட்டும் ஆவியோடு ஏறி வருகிறது. நிறமும் கசப்பும் பானையிலேயே தங்கிவிடுகின்றன.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் ஓமத்தைச் சொல்வதற்குக் காரணம், நாட்டு மருந்துக் கடையில் எப்போதும் கிடைக்கும், காய்ந்தே கிடைக்கும், எண்ணெய்ச் சத்தும் அதிகம். ஆனால் என் கையைச் சுட்டதும் ஓமம்தான்.

குக்கரில் செய்த தவறு

முதல் வாலையை நான் பிரஷர் குக்கரில் செய்தேன். விசில் எடையைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் வாளி வழியாகப் பாட்டிலுக்குள் விட்டேன். ஓமத்தை மிக்சியில் நைசாக அரைத்துப் போட்டிருந்தேன். கொதி வந்தது, பத்து நிமிடம் நன்றாகச் சொட்டியது, பிறகு சொட்டு நின்றுவிட்டது. தீ போதவில்லை என்று நினைத்துக் கேஸைக் கூட்டினேன். நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான்.

உள்ளே நடந்தது வேறு. நைசான ஓமத் தூள் நுரைத்துப் பொங்கி மேலே ஏறியது. குக்கர் விசில் முனையின் துளை தீக்குச்சியின் பருமன் இருந்தால் அதிகம். நுரையோடு வந்த தூள் அதை அடைத்துக்கொண்டது. மூடி பூட்டியிருந்ததால் ஆவிக்கு வேறு வழி இல்லை. ஒரு குக்கர் வழக்கமாக விசில் அடிக்கும் நிலையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். 20 சென்டிமீட்டர் அகல மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதாவது அந்த மூடியை உள்ளிருந்து 300 கிலோவுக்கு மேல் ஒரு பாரம் தள்ளிக்கொண்டிருக்கிறது. என் நல்ல நேரம், அடைப்பு திடீரென விலகியது. சூட்டில் இளகிப்போயிருந்த ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டு பறந்தது. ஓமக் கூழ் கூரைவரை பீய்ச்சியடித்தது. முழங்கை வரை கொப்புளம்.

ஆனால் ஆபத்து அதோடு முடியவில்லை. பீய்ச்சிய கூழ் அடுப்பின் மேலும் விழுந்து தீயை அணைத்துவிட்டது. குமிழ் திறந்தே இருந்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றம் கலக்கிறார்கள். அன்று வீடு முழுக்க ஓம வாசனை. கேஸ் நாற்றம் எனக்குத் தெரியவேயில்லை. என் மனைவி வாசலிலிருந்து வந்தவர் கண்டுபிடித்துக் குமிழைத் திருப்பினார். மின்விசிறி சுவிட்சைத் தொடாமல் கதவுகளைத் திறந்துபோட்டோம். அன்று முதல் குக்கர் வாலை எங்கள் வீட்டில் கிடையாது. உங்களுக்கும் வேண்டாம் என்பதே என் முடிவு.

மாவுப் பூச்சு என்னும் காவலன்

பழைய வாலைகளில் மண்பானையின் வாய்க்கும் மூடிக்கும் இடையே துணியில் மண் தோய்த்துச் சுற்றுவார்கள். அதற்குச் சீலைமண் என்று பெயர். நாம் எவர்சில்வர் பானையில் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து பூசுகிறோம். இது வெறும் ஆவி கசியாமல் இருக்க மட்டும் அல்ல. பூட்டில்லாத 24 சென்டிமீட்டர் மூடி ஒரு கிலோ எடை இருந்தால், உள்ளே வெறும் இரண்டு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அளவு அழுத்தம் ஏறியதும் அது எழும்பத் தொடங்கும். மாவு ஒட்டியிருப்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதற்குப் பிறகு எங்காவது பிய்ந்து 'புஸ்' என்று ஆவி வெளியேறும். வெடிப்பதற்கு முன்பே மாவு தோற்றுவிட வேண்டும், அதுதான் அதன் வேலை. எனவே மாவு பிய்கிறதே என்று கம்பி போட்டுக் கட்டுவது, மூடிமேல் அம்மிக்குழவியை ஏற்றிவைப்பது, எம்-சீல் பூசுவது எல்லாம் காவலனைக் கொன்றுவிட்டுக் கதவைப் பூட்டுவதுபோல.

இனி கருவி. 10 லிட்டர் எவர்சில்வர் பானை ஒன்று, கனமான அடிப்பாகம் உள்ளதாக. மூடியின் நடுவில் பாத்திரப் பட்டறையில் துளை போட்டு, அரை அங்குலச் செப்புக் குழாயைப் பற்றவைத்து வாங்குங்கள். ஈயம் கலந்த பற்று வேண்டாம், பித்தளைப் பற்று என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் கையில் இருப்பதை வைத்துவிடுவார்கள். குழாய் மூடியிலிருந்து ஒரு சாண் நேராக மேலே எழுந்து, பிறகு வளைந்து, அங்கிருந்து கடைசிவரை கீழ்நோக்கியே இறங்க வேண்டும். வாளிக்குள் மூன்று நான்கு சுற்று, பிறகு வாளியின் அடியோரம் வழியாக வெளியே. நடுவில் ஓரிடத்தில் தொய்ந்து தொட்டில்போல் இருந்தால் அங்கே நீர் தேங்கி, ஆவி அதைத் தள்ளித் தள்ளிக் குமுறிக்கொண்டே இருக்கும்.

அரை அங்குலத்துக்குக் குறையாதீர்கள். ஓம எண்ணெயில் பெரும் பங்கு தைமால். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று விற்பது அதுதான். அது சுமார் 50 பாகை செல்சியசில் உருகும் பொருள், அதற்குக் கீழே குளிர்ந்தால் பளிங்காகக் கட்டக்கூடும். பென்சில் நுனி பருமனுள்ள குழாயில், ஐஸ் போட்ட வாளியில் அது படிந்தால் இன்னொரு அடைப்பு. அகலமான குழாயில் வெதுவெதுப்பான வாளி நீர் போதும், ஐஸ் தேவையில்லை.

குழாய் வாயில், மூடியின் உட்புறத்தில், சல்லடையோ பஞ்சோ துணியோ வைக்காதீர்கள். தூள் வராமல் தடுக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அதில்தான் தூள் போய்ப் படிந்து அடைக்கும். தூளைத் தடுக்க வேண்டிய இடம் பானையின் அடி. ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, ஓமத்தை அதற்கு மேலே போடுங்கள். அடியில் ஒட்டிக் கருகுவதும் இதனால் நிற்கும்.

குழாயின் வெளிமுனை பாட்டிலின் வாய்க்கு மேலே தொங்க வேண்டும், பிடிக்கும் நீருக்குள் முழுகக் கூடாது. அடுப்பை அணைத்ததும் பானைக்குள் ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். முனை நீருக்குள் இருந்தால் வடித்ததை எல்லாம் பானை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வாசனை போகக் கூடாதென்று பாட்டிலின் வாயைத் தக்கை போட்டு அடைப்பதும் தவறு. சுற்றிலும் ஒரு துணியைத் தளர்வாகப் போட்டால் போதும்.

எங்கள் கரையின் தண்ணீர், எங்கள் கரையின் காற்று

தேவிபட்டினம் தொடங்கி ஏர்வாடி, சாயல்குடி வரை எங்கள் கரையில் பல ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பு. வடித்தால் உப்பு பின்னால் தங்கிவிடுமே, கிணற்று நீரே போதாதா என்று கேட்பார்கள். தங்கும்தான். ஆனால் கொதி பொங்கினால் உப்புத் துளிகள் குழாய்க்குள் தெறித்துத் தீநீரில் கலக்கும்; பானை அடியில் உப்புக் கட்டி அந்த இடம் மட்டும் சூடேறிக் கருகும். பானைக்கு மழைநீரோ குடிநீர்க் கேனோ. உவர்நீரை வாளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிரவைக்க எந்த நீரும் ஒன்றுதான்.

வாளி நீர் எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் பதறாமல் இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் அளவு ஆவி குளிரும்போது அது விடும் சூடு, 20 லிட்டர் நீரைச் சுமார் 30 பாகை ஏற்றும். எங்கள் ஊரில் வாளி நீர் தொடக்கத்திலேயே 30 பாகை இருக்கும். ஒரு லிட்டர் வடித்து முடிப்பதற்குள் கை வைக்க முடியாத 60 பாகைக்குப் போய்விடும். அரை லிட்டர் பிடித்ததும் வாளியின் மேல்பாதிச் சூட்டு நீரை மொண்டு கொட்டிவிட்டு, புது நீரை ஊற்றுங்கள். வடியும் நீர் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது சரி. சுடுகிறது, முனையில் புகைபோல் ஆவி தெரிகிறது என்றால் வாளி போதவில்லை.

கொல்லையில் வைப்பதா, அடுப்படியிலா? ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் கேஸ் அடுப்புத் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து குழாயையும் சிலிண்டர் ரப்பரையும் நக்கும். சில நேரம் அணைந்தேவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். சுவர் மறைவில், இரண்டு பக்கம் திறந்த தாழ்வாரத்தில் வைப்பதே நல்லது. மேலே பனையோலைக் கூரையோ, பக்கத்தில் வலைக் குவியலோ, படகுக்கு வாங்கிவைத்த மண்ணெண்ணெய்க் கேனோ இருக்கக் கூடாது. உப்புக் காற்றில் ரெகுலேட்டர் இறுக்கியும் குழாய்ப் பிடிப்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சீமைக் கருவேல விறகு சும்மா கிடைக்கிறதே என்பீர்கள். கருவேலத் தணல் அருமையான சூடுதான், ஆனால் ஆபத்து நேரத்தில் அதை ஒரு திருப்பில் அணைக்க முடியாது. விறகை இழுத்த பிறகும் தணல் அரைமணி நேரம் பானையைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும். குமிழ் உள்ள அடுப்பிலோ, மின்சார இண்டக்‌ஷன் அடுப்பிலோ பத்து முறை வடித்துப் பழகிய பிறகு விறகைப் பற்றி யோசிக்கலாம்.

வடிக்கும் நாள்

முதல் ஓட்டம் ஓமம் இல்லாமல், வெறும் நீரில். மூடியைக் கையில் எடுத்து, குழாயின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று தடையில்லாமல் மறுமுனையில் வர வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்ததை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன். பிறகு 2 லிட்டர் நீரில் கால்மணி நேரம் வடித்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். மாவு எங்கே கசிகிறது, வாளி எப்படிச் சூடாகிறது, குழாய் எங்கே குமுறுகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து உண்மையான வடிப்பு. 250 கிராம் ஓமத்தைக் கல்லுரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள்; மிக்சி என்றால் இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். 3 லிட்டர் நல்ல நீரில் நான்கு மணி நேரம் ஊறட்டும். பானையில் போட்டால் பாதிக்கும் கீழே நிற்க வேண்டும். நுரை ஏறுவதற்கு அந்த வெற்றிடம் கட்டாயம். மூடி, மாவு பூசி, குழாயின் வழியைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதி வரும்வரை நடுத்தரத் தீ. மூடியிலிருந்து எழும் குழாயில் சூடு மெல்ல நகர்ந்து வரும். அது வாளியை எட்டி, முனையில் சொட்டு விழத் தொடங்கியதும் தீயைக் குறையுங்கள்.

வேகத்துக்கு என் அளவு இதுதான்: 100 மில்லி டம்ளர் நிறையப் பத்து நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிறைந்தால் தீ அதிகம். கொதியோடு கூழ் ஏறும் வாய்ப்பும் அதிகம். முதல் 50 மில்லியைக் கொட்டிவிடுங்கள், செப்புக் குழாயின் உட்புற அழுக்கு அதில் போய்விடும். பச்சை நிறம் தட்டினால் அது களிம்பு. அன்றைய வடிப்பையே நிறுத்தி, குழாயைப் புளிக்கரைசலால் கழுவி, நல்ல நீர் விட்டு அலசி, மறுநாள் பாருங்கள்.

ஒரு லிட்டர் பிடித்ததும் நிறுத்த வேண்டும். அதற்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பாட்டிலில் ஒரு லிட்டர் கோட்டை முன்பே போட்டுவைத்துக்கொண்டால் பேராசை வராது. ஓமம் குடித்தது போக, பானையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் மிச்சம் இருக்கும். அந்த மிச்சமே உங்கள் காப்பு. இன்னும் அரை லிட்டர், இன்னும் கால் லிட்டர் என்று போனால் வாசனையும் வராது, அடி வறண்டு கருகும். கருகினால் புகை நெடி தீநீரில் ஏறும். வறண்ட ஓமம் தீப்பிடித்துப் புகையும். மூக்கில் கருகல் வாடை பட்டதும் அடுப்பை அணைத்து அப்படியே விடுங்கள். வறண்டு தகிக்கும் பானையில் நீரை ஊற்றாதீர்கள். ஒரு பங்கு நீர் ஆவியானால் சுமார் 1,600 பங்காக விரியும். அது உங்கள் முகத்துக்கு நேராக வரும்.

சொட்டு நின்றால்

பானை உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்கிறது, ஆனால் முனையில் சொட்டு இல்லை. மாவுப் பூச்சு உப்புகிறது, அல்லது ஓரத்தில் மெல்லிய சீறல் கேட்கிறது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அது அடைப்பு என்றே எடுத்துக்கொண்டு, முதல் வேலையாகக் குமிழை மூடுங்கள். எட்ட நில்லுங்கள். மூடியைத் தொட வேண்டாம், குழாயைத் தட்ட வேண்டாம், குச்சி விட்டுக் குத்த வேண்டாம், குளிர்ந்த நீரை மேலே ஊற்ற வேண்டாம். அரைமணி நேரம் ஆறட்டும். கை பொறுக்கும் சூடு வந்த பிறகு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, மாவை உங்களுக்கு எதிர்ப்பக்கம் முதலில் கிளப்புங்கள். சீறி வரும் ஆவி துளையை ஒட்டிய இடத்தில் கண்ணுக்கே தெரியாது, கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளையாகும். தெரியாத இடத்தில்தான் அது அதிகம் சுடும்.

சுட்டுவிட்டால் ஓடும் சாதாரண நீரில் 20 நிமிடம் வைத்திருங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். முகத்தில் பட்டாலோ கொப்புளம் உள்ளங்கைக்கு மேல் பெரிதாக இருந்தாலோ 108க்கு அழையுங்கள். தீ பற்றினால் தீயணைப்பு நிலையத்துக்கு 101. வடிக்கும்போது பருத்தி உடைதான். பாலியஸ்டர் உடை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அருகில் ஒரு வாளி மணலும், நனைத்துப் பிழிந்த சாக்கும் இருக்கட்டும். கடைசியாக ஒன்று: நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம்தானே என்று மீன் வாங்க வாசலுக்குப் போய், பேரம் அரைமணி ஆனது எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

பிடித்த நீர் ஆறியதும் மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். விதையில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம் இருப்பதால், 250 கிராமில் 5 முதல் 10 மில்லி. வீட்டு வாலையில் அதில் ஒரு பங்கே வரும். அதைத் தனியே எடுத்துத் தோலிலோ நாக்கிலோ வைக்காதீர்கள், தைமால் எரிக்கும். கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா, எத்தனை சொட்டு என்பதைச் சித்த மருத்துவரிடம் கேளுங்கள்; கடையில் விற்கும் ஓமவாட்டரும் உங்கள் பாட்டிலில் உள்ளதும் ஒரே செறிவு அல்ல. கொதிநீரில் அலசிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் நிற்கும். இழை இழையாக ஏதாவது மிதந்தால் கொட்டிவிடலாம்.

பானையில் மிஞ்சிய ஓமக் கூழை ஆறவிட்டுத் தென்னை மூட்டில் கொட்டுகிறேன். குழாயை நல்ல நீரால் அலசி, வாயால் ஊதி ஈரத்தை வெளியேற்றி, இரு முனையையும் துணியால் கட்டி, உப்புக் காற்று படாத அலமாரியில் வைக்கிறேன். அடுத்த முறை அதை எடுத்ததும் முதலில் துணியை அவிழ்க்க மறந்துவிடக் கூடாது என்பதற்காக, சிவப்புத் துணியாகக் கட்டுகிறேன்.